45 வயதில் மெடிக்கல் கோடிங்: தேர்வில் தேறிய பிறகும் "எந்த ஆண்டு பட்டம்?" என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறேன்

தஞ்சைக்காரி எழுதியது:

வணக்கம். எனக்கு 45 வயது. 2001இல் விலங்கியல் பட்டம் முடித்து, அதன்பின் ஆய்வகப் பட்டயம் படித்தேன். ஒரு சிறிய நர்சிங் ஹோமில் 19 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். டாக்டர் ஐயாவுக்கு வயதாகிவிட்டதால் சென்ற ஆண்டு அதை மூடிவிட்டார். தஞ்சாவூரில் வேறு ஆய்வகங்களில் கேட்டதற்கு 9,000 ரூபாய்க்கு மேல் தர மாட்டோம் என்றார்கள்.

டாக்டர் குறிப்பில் எழுதும் நோய்களைக் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் படிக்கலாம் என்று யோசனை சொன்னது என் அக்கா மகள். திருச்சியில் ஒரு பயிற்சி நிலையத்தில் 45,000 ரூபாய் கட்டி நான்கு மாதம் படித்தேன். கோடர்களுக்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வில் முதல் முறை 66, இரண்டாம் முறை 74. தேர்ச்சிக்கு 70 போதும். சேரும்போது "வேலை வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு" என்றவர்கள், தேறிய பிறகு "உங்கள் வயதுக்கு நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை மேடம்" என்று முடித்துக்கொண்டார்கள்.

நானாகவே 31 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். சென்னைக்குப் போய் இரண்டு வாக்-இன் நேர்காணல்களில் வரிசையில் நின்றேன். முதல் இடத்தில், 2021 முதல் 2025 வரை பட்டம் பெற்றவர்கள் மட்டும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் இடத்தில் உள்ளே போக முடிந்தது. ஆனால் அங்கிருந்த பெண் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "உங்கள் மகளுக்காக வந்தீர்களா?" என்று கேட்டார். அவர் மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துவிட்டார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

என் கேள்வி இதுதான். இங்கே உண்மையான தடை வயதா, வேறு ஏதாவதா? பட்டம் பெற்ற ஆண்டையும் 19 ஆண்டு வேலையையும் சுயவிவரத்திலிருந்து எடுத்துவிட்டு, புதியவள் போல விண்ணப்பிக்கலாமா?

---

நேர்வழி எழுதியது:

சகோதரி, வயதைக் காரணம் காட்டி வேலை மறுப்பது சட்டப்படி குற்றம். "வயதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள். அரசியலமைப்பே சமவாய்ப்பைத் தந்திருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

---

பெருங்குடி எழுதியது:

நேர்வழி ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இவரைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பினால் அலைச்சல்தான் மிஞ்சும். அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு அரசு வேலைகளுக்கான சமவாய்ப்பைப் பேசுகிறது. அதில் மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் எல்லாம் இருக்கின்றன, வயது இல்லை. தனியார் நிறுவனம் வயதைப் பார்த்து ஆள் எடுப்பதைத் தடுக்கும் பொதுச்சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் 40 வயது கடந்தவர்களுக்கென்றே 1967இல் ஒரு சட்டம் வந்தது. அமெரிக்க மருத்துவமனைகளின் கோப்புகளில் வேலை செய்யும் சென்னை நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது.

நான் ஆள் எடுக்கும் பிரிவில் ஆறு ஆண்டுகள் இருந்தவள். அம்மா, மறைப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். செய்யாதீர்கள். வேலை உறுதியானதும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். ஆதார், பான் அட்டை, பட்டச் சான்றிதழ் மூன்றிலும் உங்கள் வயது தெரிந்துவிடும். வருங்கால வைப்பு நிதி எண் இருந்தால் எந்த ஆண்டு எங்கே வேலை பார்த்தீர்கள் என்பது முழுவதும் வந்துவிடும். "முன் அனுபவம் இல்லை" என்று எழுதிவிட்டு அங்கே 19 ஆண்டுக் கணக்கு இருந்தால், பொய்த் தகவல் என்று சொல்லி வேலையை ரத்து செய்வார்கள். இப்படிச் சேர்ந்த மூன்றாம் வாரத்தில் வெளியே போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறந்த தேதியைச் சுயவிவரத்தில் போடாமல் விடுவது வேறு. அது பொய் ஆகாது. கேட்டால் சொல்லலாம்.

---

தஞ்சைக்காரி எழுதியது:

எங்கள் நர்சிங் ஹோமில் மொத்தமே 12 பேர். வைப்பு நிதி பிடித்தம் கிடையாது. அப்படியானால் என் அனுபவத்துக்கே ஆதாரம் இல்லாமல் போகிறதா?

---

பெருங்குடி எழுதியது:

20 பேருக்குக் குறைந்த இடங்களில் அது கட்டாயமில்லை என்பதால் பலருக்கு உங்கள் நிலைதான். டாக்டர் நலமாக இருக்கும்போதே அவருடைய லெட்டர்பேடில் அனுபவச் சான்று வாங்கிவிடுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, செய்த வேலை, கையெழுத்து, மருத்துவப் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். மூடிவிட்ட இடம் என்பதால் சரிபார்ப்பவர்கள் அவருக்கே தொலைபேசி செய்வார்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வந்திருந்தால் அந்தப் பாஸ்புக் பக்கங்களும் உதவும்.

---

தேர்வுமணி எழுதியது:

எதற்கு அம்மா இந்தத் தனியார் கதவையெல்லாம் தட்டுகிறீர்கள்? குரூப் 4 எழுதுங்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர் பட்டம் பெற்றிருந்தால் இளநிலை உதவியாளர் பணிக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. கிராம நிர்வாக அலுவலருக்குத்தான் வரம்பு உண்டு. என்னுடன் படிப்பவர்களில் 48 வயதுக்காரரும் இருக்கிறார்.

---

தஞ்சைக்காரி எழுதியது:

நன்றி தம்பி. எனக்கு உடனடியாக வருமானம் வேண்டும். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அதனால்தான் இந்தத் துறையைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

---

தரச்சோதனை எழுதியது:

அம்மா, நான் 11 ஆண்டுகளாகக் கோடிங் துறையில் இருக்கிறேன். இப்போது மற்ற கோடர்களின் வேலையைச் சரிபார்க்கும் ஆடிட்டர். புதியவர்களுக்கான நேர்காணல்களில் மாதம் இரண்டு நாளாவது அமர்கிறேன். உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

பட்டம் பெற்ற ஆண்டு என்ற சல்லடையைப் போடுவது கோடிங் பிரிவு இல்லை. ஆள் எடுக்கும் பிரிவு போடுகிறது. புதியவர்களை முப்பது நாற்பது பேராக ஒரே தேதியில் சேர்ப்பார்கள். அந்தத் தேதிக்குள் நாற்காலிகள் நிரம்பினவா என்பதுதான் ஆள் எடுப்பவரின் கணக்கு. வாசலில் 600 பேர் நிற்கும்போது கையில் இருப்பதில் எளிதான சல்லடை ஆண்டுதான். உங்களைத் திருப்பி அனுப்பியவர் உங்களை எடைபோட்டுப் பார்க்கவே இல்லை.

எங்களைப் போன்றவர்களின் கணக்கு வேறு. இரண்டு மூன்று மாதம் சம்பளம் கொடுத்துப் பயிற்சி தருகிறோம். அந்தக் காலத்தில் வருமானம் எதுவும் வராது. பிறகு ஓராண்டில் பாதிப் பேர் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலுக்காகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடுகிறார்கள். அதனால் நிலைத்து நிற்பவர் கிடைத்தால் டீம் லீட் விடமாட்டார். நீங்கள் சேர வேண்டியது அவரிடம். வாக்-இன் வரிசை உங்களை அங்கே கொண்டுபோகாது. உள்ளே வேலை செய்பவர் ஒருவருடைய பரிந்துரை வேண்டும். சி.பி.சி. தேர்வை நடத்தும் ஏ.ஏ.பி.சி. அமைப்பின் உள்ளூர்க் கிளைக் கூட்டங்கள் சென்னையில் நடக்கின்றன. தேர்ச்சி பெற்றவர் என்ற முறையில் நீங்கள் போகலாம். அங்கே வருபவர்கள் டீம் லீடுகளும் ஆடிட்டர்களும்தான்.

ஆனால் வயதைப் பற்றி எங்களுக்கும் அச்சம் இருக்கிறது. அதை மூடி மறைக்க மாட்டேன். வேகம் வருமா என்பது ஒன்று. 27 வயது லீட் தவறைச் சுட்டிக்காட்டினால் ஏற்றுக்கொள்வாரா என்பது அடுத்தது. பலர் சொல்லாத மூன்றாவது ஒன்றும் உண்டு. மருத்துவமனை அனுபவம் உள்ளவர் தனக்குத் தெரிந்ததை எழுதிவிடுவார் என்பது. உங்களைப் போன்றவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்த மூன்றாவதைத்தான்.

ஒரு சிறு சோதனை. இரண்டு புறநோயாளிக் குறிப்புகள் தருகிறேன், அவற்றுக்கான நோய்க் கோடுகளை எழுதுங்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டே செய்யலாம்.

முதல் குறிப்பு: 62 வயது ஆண். டாக்டர் எழுதியது: இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், நீண்ட நாளாக இன்சுலின். இரத்த அழுத்தம். நாள்பட்ட சிறுநீரக நோய், நிலை 3b.

இரண்டாம் குறிப்பு: 38 வயது பெண். இணைத்திருக்கும் ஆய்வக அறிக்கையில் ஹீமோகுளோபின் 7.8. டாக்டர் எழுதியது: உடல் பலவீனம். இரண்டு வாரம் கழித்து வரவும்.

---

புதுமாணவி எழுதியது:

நானும் பதில் சொல்லலாமா? எனக்கு 22 வயது, இந்த மாதம்தான் தேர்வு எழுதுகிறேன். முதல் குறிப்புக்கு E11.9, I10, N18.32, Z79.4. இரண்டாவதற்கு R53.1.

---

தஞ்சைக்காரி எழுதியது:

முதலாவது: E11.22, I12.9, N18.32, Z79.4.
இரண்டாவது: D64.9. 7.8 என்றால் இரத்தசோகை என்பதில் சந்தேகமே இல்லை. பலவீனம் அதனால்தான் வந்திருக்கும்.

---

தரச்சோதனை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆளுக்கு ஒன்று சரி, ஒன்று தவறு. இப்படித்தான் வரும் என்று எதிர்பார்த்தேன்.

தங்கையே, சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் ஒரே குறிப்பில் இருந்தால், டாக்டர் "இதனால் அது" என்று எழுதாவிட்டாலும் தொடர்பு இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் அதே நெறிதான். சிறுநீரகம் கெட்டதற்கு வேறு காரணம் என்று டாக்டரே எழுதியிருந்தால் மட்டும் அது மாறும். நீங்கள் மூன்றையும் தனித்தனி நோயாக எழுதிவிட்டீர்கள். அம்மா சரியாகச் சேர்த்திருக்கிறார்.

அம்மா, இரண்டாவதில் நீங்கள் செய்ததைத்தான் மேலே அச்சம் என்று சொன்னேன். 7.8 என்றால் இரத்தசோகை என்று உங்களுக்கு 19 ஆண்டுகளாகத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை டாக்டர் எழுதவில்லை. ஆய்வக எண்ணைப் பார்த்து நோயின் பெயரை வைக்கக் கோடருக்கு உரிமை இல்லை. எழுதியிருப்பது பலவீனம், ஆகவே R53.1 மட்டும்தான். தேவையென்றால் டாக்டரிடம் கேள்வி எழுப்பும் வழி சில இடங்களில் உண்டு. நாமாக முடிவு செய்யக் கூடாது. இல்லாத நோயை எழுதிப் பணம் கோரியதாக வழக்கு வந்தால் மருத்துவமனைதான் பதில் சொல்ல வேண்டும்.

வேலையில் தரம் 95 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது பெரும்பாலான இடங்களில் விதி. இந்த ஒரு பழக்கமே உங்களை அதற்குக் கீழே தள்ளிவிடும். புதியவரிடம் இந்தத் தவறு வராது, அவருக்கு 7.8 வெறும் எண்.

---

தஞ்சைக்காரி எழுதியது:

இரவு முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தேர்வில் முதல் முறை 66 வாங்கியது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. தெரியாமல் விட்ட கேள்விகள் குறைவு. தெரிந்ததால் மிஞ்சிப்போய் எழுதியவைதான் அதிகம். இதை எப்படி மாற்றுவது?

---

தரச்சோதனை எழுதியது:

ஒரு மாதத்துக்கு ஒரு முறையைக் கடைப்பிடியுங்கள். ஒவ்வொரு கோடுக்கும் எதிரே, எந்த வரியில் டாக்டர் அதை எழுதியிருக்கிறார் என்று அந்தச் சொற்களையே குறித்து வையுங்கள். வரி கிடைக்கவில்லை என்றால் அந்தக் கோடை அடித்துவிடுங்கள். இன்னொன்று: புறநோயாளிக் குறிப்பில் "இருக்கலாம்", "சந்தேகம்" என்று இருந்தால் அந்த நோயை எழுதக் கூடாது, அறிகுறியை மட்டும் எழுத வேண்டும். உள்நோயாளி வீடு திரும்பும்போது எழுதும் குறிப்பில் அதே சொல் இருந்தால் நோய் இருப்பதாகவே எழுதலாம். இது உங்களுக்கு முதலில் அநியாயமாகத் தோன்றும். பழகிவிடும்.

---

கொங்குநூல் எழுதியது:

என் கதையையும் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக 20 ஆண்டுகள் இருந்தேன். 46 வயதில் கணக்குப் பக்கம் வந்தேன். டேலியும் ஜி.எஸ்.டி. தாக்கலும் படித்தேன். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 14,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். முன்பு வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு. முதல் ஆறு மாதம் அங்கிருந்த பையனிடம் "தம்பி, இதைச் சரிபார்த்துத் தாருங்கள்" என்று கேட்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். இப்போது ஏற்றுமதி நிறுவனங்களின் கணக்குகள் எல்லாம் என்னிடம்தான் வருகின்றன. ஆர்டர், ஷிப்மென்ட், டிராபேக் எல்லாம் எனக்கு முன்பே தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியாது.

நிறுவனங்கள் வயதானவரை எடுக்காததற்குக் காரணம் மருத்துவக் காப்பீடுதான் என்று எங்கள் முதலாளி சொல்வார். வயது ஏற ஏறப் பிரீமியம் கூடும், அதனால் ஆள் எடுக்கும்போதே தவிர்த்துவிடுகிறார்கள்.

---

பெருங்குடி எழுதியது:

குழுக் காப்பீடு எடுக்கும் இடங்களில் அதில் ஓரளவு உண்மை உண்டு ஐயா. ஆனால் அம்மா சேரப்போகும் சம்பளத்துக்கு அது பொருந்தாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.தான். நிறுவனம் செலுத்துவது 3.25 விழுக்காடு, ஊழியர் 0.75 விழுக்காடு. 22 வயதுக்கும் 45 வயதுக்கும் அதே தொகை. ஆகவே இதைக் காரணமாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆள் எடுப்பவர்களின் மனத்தில் ஓடுவது சம்பளம்தான். 19 ஆண்டு அனுபவம் என்று பார்த்ததும் "இவர் 18,000க்கு ஒப்புக்கொள்ள மாட்டார்" என்று தாங்களே முடிவு செய்து தள்ளிவிடுவார்கள். நானும் அப்படித் தள்ளியிருக்கிறேன், கேட்காமலேயே. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்: "புதியவருக்கான சம்பளத்திலும் பயிற்சியிலும் சேர ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் தங்கத் தயார்." இந்த வரி உங்களுக்காக வாதாடும்.

---

நேர்வழி எழுதியது:

இதை என்னால் ஏற்க முடியவில்லை. 19 ஆண்டு உழைத்தவர் 18,000 ரூபாய்க்கு வருகிறேன் என்று தானே முன்வந்து எழுத வேண்டுமா? அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? இப்படி நாமே விட்டுக்கொடுப்பதால்தான் நிறுவனங்கள் இந்த நிலையில் இருக்கின்றன.

---

கொங்குநூல் எழுதியது:

வலிக்கத்தான் செய்யும் ஐயா. ஆனால் ஆய்வக அனுபவத்துக்குக் கோடிங் நிறுவனம் முதல் நாளே பணம் கொடுக்காது. அது பயன்படுவதை இவர் அங்கே காட்டிய பிறகுதான் கேட்க முடியும்.

---

நேர்வழி எழுதியது:

காட்டிய பிறகு கேட்டால் கொடுப்பார்களா? அதற்கு யார் உத்தரவாதம்?

---

தரச்சோதனை எழுதியது:

உத்தரவாதம் இல்லை ஐயா. எங்கள் இடத்திலேயே கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன், கொடுக்காததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று உறுதி. புதிதாகத் தேறியவரின் சான்றிதழில் பயிற்சிநிலை என்பதைக் காட்டும் "ஏ" என்ற ஒட்டு இருக்கும், சி.பி.சி.-ஏ என்று. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் காட்டினால் அது நீங்கும். பயிற்சி வகுப்பு 80 மணி நேரம் முடித்த சான்று இருந்தால் அதை ஓராண்டாகக் கணக்கில் கொள்வார்கள். அம்மா, திருச்சி நிலையத்திடம் அந்த மணிநேரச் சான்றைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். வேலைதான் வாங்கித் தரவில்லை, இதையாவது தரட்டும். ஒட்டு நீங்கிய பிறகு விளம்பரங்களில் "அனுபவம் உள்ளவர்" என்ற வரிசைக்கு மாறிவிடுவீர்கள். அங்கே பட்டம் பெற்ற ஆண்டை யாரும் கேட்பதில்லை. வயதுத் தடை உங்களுக்கு ஒரு வாசலில்தான் இருக்கிறது. அதைத் தாண்டும் விலைதான் அந்த 18,000.

எந்தப் பிரிவு என்பதையும் யோசியுங்கள். ரேடியாலஜியில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான அறிக்கைகள் வரும், விரல் வேகம்தான் அங்கே முக்கியம். நாள்பட்ட நோய்களைப் பதியும் ஹெச்.சி.சி. பிரிவில் ஒரே நோயாளியின் நீண்ட கோப்பை நிதானமாகப் படிக்க வேண்டும். நீங்கள் அதைக் கேளுங்கள்.

நேர்காணலில் அந்த 27 வயது லீட் பற்றிய கேள்வி உறுதியாக வரும். "அவர் என் பிள்ளை மாதிரி" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்பாகத்தான் சொல்வீர்கள். கேட்பவருக்கோ, திருத்தினால் இவர் தாயாக மாறிப் பேசுவார் என்று தோன்றும். உங்களைவிட இளையவர் ஒருவர் திருத்தியதை ஏற்று வேலையை மாற்றிய நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

---

தஞ்சைக்காரி எழுதியது:

இருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் புதிதாக வந்த இளம் நோயியல் டாக்டர், நான் இரத்தம் எடுக்கும்போது டூர்னிக்கெட்டை அதிக நேரம் கட்டி வைப்பதால் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டுகிறது என்றார். எனக்கு அப்போது கோபம் வந்தது. ஆனால் ஒரு வாரம் இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதன்பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டியதே இல்லை.

---

தரச்சோதனை எழுதியது:

இதை அப்படியே சொல்லுங்கள். கோபம் வந்ததையும் சேர்த்து.

---

தஞ்சைக்காரி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் வணக்கம். டாக்டர் ஐயா சான்று எழுதிக் கொடுத்துவிட்டார். பயிற்சி நிலையம் மணிநேரச் சான்றைத் தர இழுத்தடித்தது. மூன்றாம் முறை நேரில் போய் உட்கார்ந்து வாங்கினேன், 96 மணி நேரம் என்று இருக்கிறது. கிளைக் கூட்டத்துக்குச் சென்னை போனேன். அங்கே சந்தித்த ஒரு பெண் தம்முடைய நிறுவனத்தில் பரிந்துரை செய்தார். பெரிய நிறுவனம் இல்லை, 90 பேர்.

எழுத்துத் தேர்வில் 25 குறிப்புகள் கொடுத்தார்கள். 21 சரி. தவறிய நான்கில் ஒன்று மறுபடியும் ஆய்வக எண்ணைப் பார்த்து எழுதியது, சோடியம் 124. தேர்வு அறையை விட்டு வெளியே வந்ததும் எனக்கே தெரிந்துவிட்டது.

நேர்காணலில் பட்டம் பெற்ற ஆண்டை யாரும் கேட்கவில்லை. டூர்னிக்கெட் கதையைச் சொன்னேன். சனிக்கிழமைகளில் வர முடியுமா, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கோப்பு முடிக்க முடியும் என்று கேட்டார்கள். வேகத்தைப் பற்றி என்னால் நம்பிக்கையாகச் சொல்ல முடியவில்லை. வீட்டில் நேரம் பார்த்துச் செய்ததில் அவர்கள் கேட்கும் அளவில் முக்கால்தான் வருகிறது. அதையே சொன்னேன். திங்கட்கிழமைக்குள் சொல்கிறோம் என்றார்கள்.

தரச்சோதனை தம்பி, முக்காலிலிருந்து முழுமைக்கு வரப் புதியவர்களுக்கு வழக்கமாக எவ்வளவு காலம் ஆகும்?

---

தரச்சோதனை எழுதியது:

எங்கள் இடத்தில் மூன்று மாதம் பொறுப்பார்கள் அம்மா. 22 வயதினரும் முதல் மாதத்தில் பாதியில்தான் நிற்பார்கள். உங்கள் வயதில் சேர்ந்த இருவரை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் நான்காம் மாதம் எட்டிவிட்டார். இன்னொருவர் கடைசி வரை எட்டவில்லை; ஆனால் தரத்தில் எப்போதும் 98க்கு மேல் இருந்ததால் ஆடிட் பிரிவுக்கு மாற்றினோம். திங்கட்கிழமை என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.